கோடு கொதிக்கும்போது

வின்சர் மெக்கே 1914-இல் வெளியிட்ட கெர்ட்டி என்ற அனிமேஷன் படத்தைப் பார்க்கும்போது, ஒரு முறையாவது அந்த டைனோசரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பாறைகளை மட்டும் பாருங்கள். பாறைகள் எங்கும் போவதில்லை, ஆனாலும் ஒரு கணம்கூட அசையாமல் இருப்பதில்லை. அவற்றின் விளிம்புகள் ததும்பிக்கொண்டே இருக்கும். விலங்கு நகர்ந்தால் பின்னணியையும் சேர்த்து ஒவ்வொரு தாளிலும் புதிதாக வரைய வேண்டியிருந்த காலம் அது. விலங்கை மெக்கே வரைந்தார். பின்னணியைத் தாள் தாளாகப் படியெடுத்தவர் ஜான் ஃபிட்ஸிமன்ஸ் என்ற ஓவிய மாணவர். எவ்வளவு கவனமாகப் படியெடுத்தாலும் ஒரு தாளின் கோடும் அடுத்த தாளின் கோடும் மயிரிழை விலகத்தான் செய்யும். அந்த விலகல்கள் வரிசையாகத் திரையில் ஓடும்போது, கொதிக்கிற நீரின் மேற்பரப்புபோலக் கோடு துடிக்கிறது. அனிமேஷன் செய்பவர்கள் இதை லைன் பாயில் என்கிறார்கள். இங்கே கொதிப்பு என்றே எழுதுகிறேன்.

அதே 1914-இன் கடைசியில், அசையாத பகுதிகளை ஒரே முறை வரைந்து ஒளி ஊடுருவும் தாளின் துணையோடு படமெடுக்கும் முறைக்கு ஏர்ல் ஹர்ட் காப்புரிமை கேட்டார். மறு ஆண்டு கிடைத்தது. அதன் பிறகு கொதிப்பைத் தவிர்க்க ஒரு வழி பிறந்தது. தவிர்க்க முடியும் என்று ஆன பிறகும் அதை வேண்டுமென்றே வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பிரிட்டனில் 1974-இல் வந்த ரூபார்ப் தொடரில், மார்க்கர் பேனாவில் வரைந்த நாயும் பூனையும் படம் முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். 1999-இல் தொடங்கிய எட், எட் அண்ட் எடி தொடரிலும் பாத்திரங்களின் கோடு ஓயாது. இந்த இரண்டிலும் கொதிப்பு கண்ணை உறுத்துவதில்லை. ஆனால் கையால் வரைந்து பழகுபவர்களின் குறும்படங்களில் பல இடங்களில் அதே கொதிப்பு நடுக்கமாகத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு ரசனையைச் சார்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் அது அளந்து பார்க்கக்கூடிய ஒரு விகிதம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கை நடுங்கி வரைந்த கோடு வேறு, கொதிக்கிற கோடு வேறு. ஒரே ஒரு டிராயிங்கில் கோடு நெளிந்து நெளிந்து போயிருந்தால் அது அந்தக் கோட்டின் குணம். அந்த டிராயிங்கை அப்படியே பத்து நொடி திரையில் நிறுத்தினாலும் எதுவும் கொதிக்காது. மாறாக, வெண்ணெயாய் வழுக்கிப் போகிற மூன்று கோடுகள் ஒன்றுக்கொன்று 2 பிக்சல் விலகியிருந்தால் போதும், கொதிக்கும். கொதிப்பு என்பது இரண்டு டிராயிங்குகளுக்கு இடையே உள்ள வித்தியாசம், ஒரு டிராயிங்குக்குள் இருப்பது அல்ல. அதனால்தான் வரையும் மென்பொருளில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசரை எவ்வளவு ஏற்றினாலும் கொதிப்பு போவதில்லை. கோடு வழவழப்பாகும், ஆனால் வழவழப்பாகவே கொதிக்கும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். படம் முழுவதும் மொத்தமாக ஒரே பக்கம் துள்ளினால் அது கொதிப்பு அல்ல. துளையிட்ட தாள்களை ஒரே இடத்தில் பிடித்துவைக்கும் பெக் பாரில் தாள் சரியாக உட்காரவில்லை, அல்லது தாளின் துளைகள் தேய்ந்துவிட்டன, அல்லது ஸ்கேன் செய்யும்போது தாள் நகர்ந்திருக்கிறது. தாளின் இரு மூலைகளில் சின்னக் கூட்டல் குறி போட்டுவைத்தால் இதைச் சட்டென்று கண்டுபிடிக்கலாம். குறிகளும் சேர்ந்து துள்ளினால் தாளின் பிழை. குறிகள் அசையாமல் கோடு மட்டும் துடித்தால் கையின் வேலை. தாளின் பிழையைக் குறிகளை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சரிசெய்துவிடலாம். அதைச் செய்யாமல் கொதிப்பைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இரண்டு அசைவுகளும் கலந்து கிடக்கும்போது எதைக் குறைப்பது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

எவ்வளவு கொதிக்கிறது என்று அளப்பது

அடியிலிருந்து ஒளி வரும் லைட்பாக்ஸில் நிதானமாகப் படியெடுக்கிற ஒரு கை, நீண்ட கோடுகளில் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடையாக வைத்த ஏ4 தாளின் அகலம் 297 மில்லிமீட்டர். முழுத் தாளும் 1920 பிக்சல் அகலத் திரையை நிரப்பினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஆறரை பிக்சல் கிடைக்கும். அப்படியானால் 0.3 மில்லிமீட்டர் விலகல் திரையில் 2 பிக்சல். அதே கை, அதே பென்சில், ஆனால் உருவத்தைத் தாளின் நடுவே சிறியதாக வரைந்து, 100 மில்லிமீட்டர் அகலத்தை மட்டும் வெட்டியெடுத்துத் திரையை நிரப்பினால் விலகல் கிட்டத்தட்ட 6 பிக்சலாகிவிடும். கை மாறவில்லை, சட்டகம்தான் மாறியது. ஒரே படத்தில் தூரக் காட்சி அமைதியாகவும் முக அண்மைக் காட்சி வலிப்பு வந்ததுபோலவும் தெரிந்தால், பெரும்பாலும் அண்மைக் காட்சியைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கியிருப்பார்கள். கொதிப்பைக் குறைக்கச் செலவில்லாத முதல் வழி, பெரிதாக வரைவது.

விலகலைக் கோட்டின் தடிமனோடு ஒப்பிட வேண்டும். 6 பிக்சல் தடிமனுள்ள கோட்டுக்கு ஒன்றரை முதல் 3 பிக்சல் வரையான விலகல் நன்றாக இருக்கும், அதாவது தடிமனில் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை. கால் பங்குக்குக் கீழே போனால் அது உயிரோட்டமாகத் தெரியாது, வீடியோவில் ஏதோ கோளாறு என்று தோன்றும். அரைப் பங்கைத் தாண்டினால் இரண்டு தொல்லைகள் வருகின்றன. ஒன்று, வண்ணம் எட்டிப்பார்க்கும். நிரப்பிய வண்ணத்தின் எல்லை கோட்டின் நடுவில்தான் முடிகிறது. கோட்டின் பாதித் தடிமன் 3 பிக்சல் என்பதால், அதற்குள் எந்த விலகல் வந்தாலும் கோடே மறைத்துவிடும். அதற்கு மேல் போனால், ஒரே வண்ண நிரப்பை எல்லா டிராயிங்குக்கும் பயன்படுத்தியிருக்கும்போது விளிம்பில் வெள்ளையோ வண்ணமோ பிதுங்கும். மற்றொன்று, விலகல் கோட்டின் முழுத் தடிமனையே தாண்டும்போது கண் அதை ஒரே கோடாக ஏற்பதில்லை. இடம் மாறிக் குதிக்கிற இரண்டு கோடுகளாகப் பார்க்கிறது.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அசையாத ஒரு நிலைக்கு நான்கு டிராயிங் வரைந்து அவற்றைச் சுழற்சியாகத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்கள் என்றால் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் மங்கலாக்கிப் பாருங்கள். ஓரம் கொஞ்சம் பிசிறிய தடித்த கயிறுபோல, எல்லாப் பக்கமும் சமமாகப் பிசிறியிருந்தால் நல்ல கொதிப்பு. பிசிறு எப்போதும் உருவத்தின் உள்பக்கமே விழுந்தால் அது கொதிப்பு அல்ல, உருவம் சுருங்குகிறது. கயிறு பிரிந்து இரண்டு புரியாகத் தெரிந்தால் ஏதோ ஒரு டிராயிங் மட்டும் விலகி நிற்கிறது. அந்த ஒன்றைத் திரும்ப வரைந்தால் போதும், மற்ற மூன்றையும் தொட வேண்டாம்.

சுருங்குவது ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாகச் செய்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் டிராயிங்கைப் பார்த்து இரண்டாவதை வரைகிறோம், இரண்டாவதைப் பார்த்து மூன்றாவதை, மூன்றாவதைப் பார்த்து நான்காவதை. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு சாய்வு உண்டு. பலர் கோட்டின் உள்விளிம்பை ஒட்டியே படியெடுப்பார்கள். ஒரு தாளுக்கு 0.3 மில்லிமீட்டர் உள்ளே போனால் எட்டாவது தாளில் தலை ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டருக்கு மேல் ஒடுங்கிவிடும். பிறகு சுழற்சி முதல் டிராயிங்குக்குத் திரும்பும்போது தலை திடீரென்று ஊதும். இதைத் தவிர்க்க எல்லாப் படிகளையும் ஒரே மூலத்திலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாவது தாளை எடுத்துவிட்டு, மூலத்தின் மேலேயே மூன்றாவது தாளை வைத்து வரைய வேண்டும். சுழற்சியில் மூலத்தைச் சேர்க்காமல் இருப்பதும் நல்லது. மூலத்தில் கை தேடித் தேடிப் போட்ட துள்ளல் இருக்கும், படிகளில் பின்தொடர்ந்து போன இறுக்கம் இருக்கும். கலந்து ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டிராயிங் மட்டும் கண் சிமிட்டுவதுபோலத் தனித்துத் தெரியும்.

பென்சில் முனையும் இதே சிக்கலை வேறு வழியில் கொண்டுவரும். முதல் தாளைக் கூரான முனையிலும் நான்காவது தாளை மழுங்கிய முனையிலும் வரைந்திருந்தால் கோடு இடம் மாறாமலேயே தடிமன் மாறும். அது படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் மாற்றுவதால் மின்விளக்கு மினுக்குவதுபோல இருக்கும். ஒவ்வொரு தாளைத் தொடங்கும்போதும் சீவிக்கொள்ளுங்கள், அல்லது 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலுக்கு மாறிவிடுங்கள்.

எத்தனை டிராயிங், எவ்வளவு வேகம்

நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில், ஒரு டிராயிங்கை 2 ஃபிரேமுக்கு வைத்தால் நொடிக்கு 12 மாற்றங்கள், 3 ஃபிரேமுக்கு வைத்தால் 8. அமைதியாக நிற்கிற அல்லது உட்கார்ந்திருக்கிற ஒரு பாத்திரத்துக்கு 3 ஃபிரேம் எனக்குப் பிடித்த வேகம். 2 ஃபிரேமில் அதே டிராயிங்குகள் படபடப்பாகத் தெரியும். பயத்தில் இருக்கும் ஒருவருக்கு அது பொருந்தும், தூங்கி எழுந்தவருக்குப் பொருந்தாது. 4 ஃபிரேமில் கொதிப்பு மூச்சுபோல மெதுவாகிறது. 6-க்குப் போனால் கோடு துடிப்பதாகத் தெரியாது, படம் அவ்வப்போது மாற்றி வைக்கப்படுவதுபோல இருக்கும்.

இரண்டே டிராயிங்கை மாறி மாறிக் காட்டுவது ஏன் உதவாது என்றால், கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் இரண்டு இடங்களுக்கு நடுவே போய்ப் போய் வருகிறது. கண் அந்தத் திசையைப் பிடித்துவிடுகிறது. மூன்று டிராயிங் இருந்தால் புள்ளி ஒரு முக்கோணத்தில் சுற்றுகிறது, திசை பிடிபடுவதில்லை. அதனால் குறைந்தது மூன்று வேண்டும். ஆனால் மூன்றை 3 ஃபிரேம் வீதம் வைத்தால் சுற்று 9 ஃபிரேமில் முடிந்துவிடும். மூன்று நொடி நிற்கும் காட்சியில் அது 8 முறை திரும்பி வரும், கூர்ந்து பார்ப்பவர்களுக்குத் தாளம் கேட்கத் தொடங்கும். நொடிக்கணக்கில் நிற்கும் இடங்களில் நான்கு டிராயிங் போட்டு வரிசையைக் கலைத்துவிடுவது நல்லது: 1, 3, 2, 4, 1, 2, 4, 3, 1, 4, 2, 3 என்று. ஒரே டிராயிங் அடுத்தடுத்து வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் கோடு ஒரு கணம் உறைந்ததுபோல இருக்கும். 1, 2, 3, 2 என்று முன்னும் பின்னும் ஓட்டுவதைத் தவிர்த்துவிடலாம். இரண்டாவது டிராயிங் இரண்டு மடங்கு நேரம் திரையில் இருப்பதால் மற்ற இரண்டும் அதிலிருந்து விலகி விலகித் திரும்புவதுபோல ஆகிவிடுகிறது, அதாவது பழையபடி ஊசலாட்டம்.

அசைவை விழுங்கும் கொதிப்பு

கொதிப்பை வைப்பதா எடுப்பதா என்ற கேள்விக்கு நான் கேட்டுப் பார்க்கும் முதல் கேள்வி இதுதான்: ஒரு டிராயிங்கிலிருந்து அடுத்ததற்கு உருவம் எவ்வளவு நகர்கிறது? அந்த நகர்வு கொதிப்பைவிடப் பெரியதாக இருந்தால் கவலையில்லை. வேகமாக வீசும் கை ஒரு டிராயிங்குக்கு 80 பிக்சல் போகிறது, அதில் 2 பிக்சல் விலகலை யாரும் காண முடியாது. அங்கே கொதிப்பைச் சேர்ப்பதும் வீண், எடுப்பதும் வீண். உருவம் நகரவே இல்லை என்றாலும் சிக்கல் இல்லை, கொதிப்பு மட்டுமே இருக்கிறது, அதைக் கண் கோட்டின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறது. ஆபத்து நடுவில் இருக்கிறது. மிக மெதுவாக நகரும் உருவத்தில் ஒரு டிராயிங்குக்கு 1 பிக்சல் நகர்வும் 2 பிக்சல் கொதிப்பும் இருந்தால், மூக்கு முன்னே போக வேண்டிய டிராயிங்கில் சில சமயம் பின்னே போகும். திரும்புகிற தலை திரும்பவில்லை, நடுங்குகிறது.

ஒரு ஷாட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் மேசைமேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். 3 நொடி அப்படியே இருக்கிறாள். ஏதோ சத்தம் கேட்டு ஜன்னல் பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்புகிறாள், 2 நொடி. பிறகு 2 நொடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். மொத்தம் 168 ஃபிரேம். கோடு 6 பிக்சல், கையின் இயல்பான விலகல் 2 பிக்சல். தலை திரும்பும்போது மூக்கு நுனி 60 பிக்சல் போக வேண்டும்.

இரண்டு நொடி என்றால் 48 ஃபிரேம். 2 ஃபிரேம் வீதம் 24 நகர்வுகள். சராசரி இரண்டரை பிக்சல், கொதிப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சராசரியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தலை மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்க வேண்டும் என்பதால் இரு முனைகளிலும் இன்பிட்வீன்களை, அதாவது இடைநிலை டிராயிங்குகளை, நெருக்கி வைத்திருப்போம். அங்கே நகர்வு அரை பிக்சல், 1 பிக்சல்தான் இருக்கும். நடுவில் தலை ஒழுங்காகத் திரும்பும், தொடக்கத்திலும் முடிவிலும் தள்ளாடும். பார்ப்பவர் அவளுக்கு வயதாகிவிட்டது என்றோ உடம்பு சரியில்லை என்றோ நினைப்பார்.

எளிய தீர்வு, திரும்பும் நேரத்தைக் குறைப்பது. 20 ஃபிரேமில், அதாவது 10 நகர்வுகளில் முடித்தால் இடைவெளிகளை 3, 4, 6, 8, 9, 9, 8, 6, 4, 3 என்று வைக்கலாம். கூட்டினால் 60. மிகக் குறைந்த நகர்வு 3, கொதிப்பு 2, எந்த டிராயிங்கிலும் மூக்கு பின்வாங்காது. மிச்சமான 28 ஃபிரேமை முன்னும் பின்னும் நிற்கும் நேரத்தில் சேர்த்துவிடலாம். பெரும்பாலான ஷாட்டுகளில் இது நடிப்பையும் தெளிவாக்கும்.

ஆனால் அந்த மெதுவான திரும்பல்தான் காட்சியின் உயிர் என்றால் குறைக்க முடியாது. அப்போது 4 ஃபிரேம் வீதம் 12 நகர்வுகளாகச் செய்யலாம். சராசரி 5 பிக்சலாகிறது, முனைகளில் மட்டும் கவனம் வேண்டும். அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும், எனினும் உறுதியாக இருக்கும். மற்றொரு வழி, தலையை மட்டும் தனித் தாளுக்கு மாற்றி இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து, ஸ்கேன் செய்த பிறகு பாதியாக்குவது. கையின் 2 பிக்சல் விலகல் 1 ஆகிவிடும். வேலை அதிகம், ஆனால் 2 ஃபிரேம் வீதத்திலேயே மெதுவான அசைவு வேண்டுமானால் எனக்குத் தெரிந்து இதுவே சரி. உடம்பு வழக்கம்போலக் கொதிக்கட்டும், தலை அடங்கிப் போகட்டும். திரும்பும்போது கண் தலையைத்தான் பார்க்கும், அதனால் இந்த வித்தியாசம் உறுத்துவதில்லை.

அடுத்து, நிற்கும் பகுதிகள். முன்னால் உள்ள 3 நொடிக்கு நான்கு டிராயிங், 3 ஃபிரேம் வீதம், கலைத்த வரிசையில். அசைவு தொடங்கும்போது வேகம் 2 ஃபிரேமுக்கு மாறும், அதைத் தலையின் நகர்வே மறைத்துவிடும். நின்ற பிறகுதான் தவறு நடக்கும். கடைசி டிராயிங்குக்குப் பிறகு உடனே முழுக் கொதிப்பு தொடங்கினால் தலை வந்து நின்றதும் அதிர்வதுபோல இருக்கும். கடைசி டிராயிங்கை 4 ஃபிரேம் வைத்துவிட்டு அதன்பின் நான்கு படிகளின் சுழற்சியைத் தொடங்குங்கள். அந்தப் படிகளைக் கடைசி டிராயிங்கிலிருந்தே எடுத்திருக்க வேண்டும். முதல் நிலைக்கு வரைந்த படிகளில் உடம்பு இருக்கிறதே என்று அதை இங்கேயும் பயன்படுத்தினால் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஒரு துள்ளல் வரும்.

முழங்கை மேசையில் ஊன்றியிருக்கிறது. முழங்கைக் கோடு கொதித்து மேசைக் கோடு அசையாமல் நின்றால் கை மேசைமேல் வழுக்குகிறது. பாத்திரம் பின்னணியிலிருந்து பிய்ந்து நிற்பதற்கும் இதுவே காரணம். பொருள்கள் தொடும் இடத்தில் ஒன்று, இரு கோடுகளும் ஒரே டிராயிங்கில் சேர்ந்து கொதிக்க வேண்டும், அல்லது இரண்டும் அசையாமல் இருக்க வேண்டும். மேசையின் விளிம்பில் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் பெண்ணின் டிராயிங்கோடு சேர்த்து வரைந்துவிடுவது எளிது. அல்லது முழங்கை தொடும் இடத்தில் கோட்டை இறுக்கமாகப் படியெடுத்து, அங்கிருந்து தோளை நோக்கிப் போகப் போகத் தளர்த்தலாம். நின்றிருக்கும் கால்களுக்கும் தரைக்கும் இதே கணக்குத்தான்.

கண்ணில் மட்டும் தயவு காட்டக் கூடாது. கண்மணியின் அகலம் 10 பிக்சல் என்றால் 2 பிக்சல் விலகல் அதில் ஐந்தில் ஒரு பங்கு. பார்வை ஒவ்வொரு டிராயிங்கிலும் வேறு இடத்துக்குப் போகிறது, அவள் எதையும் பார்க்காமல் தவிக்கிறாள். கண்மணியைத் தனி லேயரில் ஒரே டிராயிங்காக வையுங்கள், இமைக் கோட்டைப் பாதி அளவில் கொதிக்க விடுங்கள். உதடுகள் சேரும் கோட்டுக்கும் இதைச் செய்வேன். கொதிக்கிற உதடு பேச வாயெடுப்பதுபோலத் தெரியும். தலைமுடி, புடவை மடிப்பு, தோளின் வளைவு ஆகியவை தாராளமாகக் கொதிக்கட்டும். அசையாமல் இருந்தால் செத்துப்போகிற பகுதிகள் அவைதான்.

எடுப்பதும் சேர்ப்பதும்

எடுத்துவிட வேண்டும் என்று முடிவான பிறகு, வரைந்து முடித்த கொதிப்பை மென்பொருளால் சமன்செய்ய முயல வேண்டாம். அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலந்து சராசரி எடுத்தால் கோடு நிற்காது, சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று நிழற்கோடுகளாகப் பிரியும். நிற்கும் பகுதியைத் தனி லேயராகப் பிரித்து, நான்கில் நல்ல டிராயிங் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவதே நேர்வழி. ஆனால் உடம்பை உறைய வைத்துத் தலையை மட்டும் கொதிக்க விட்டால் கழுத்துச் சேர்க்கை காட்டிக்கொடுத்துவிடும். பிரிக்கும் கோட்டைக் கழுத்தில் வைக்காமல் சட்டைக் காலரின் பின்னாலோ முடியின் அடியிலோ ஒளித்து வையுங்கள். எழுத்துகள், கட்டடங்களின் நீண்ட நேர்கோடுகள், மேசை ஓரம்போன்ற விளிம்புகள் ஆகியவற்றில் கொதிப்பைக் கிட்டத்தட்ட எப்போதும் எடுத்துவிடுவேன். நேராக இருக்க வேண்டியது எது என்று கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் அங்கே சிறு விலகலும் பிழையாகவே படும்.

மறுபக்கம், ஒரே டிராயிங்கை வைத்துக் கணினியில் கொதிப்பைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Turbulent Displace என்ற எஃபெக்டைப் போட்டு, அதன் Evolution மதிப்புக்கு இந்த எக்ஸ்பிரஷனைக் கொடுத்தால் 3 ஃபிரேமுக்கு ஒரு முறை மாறி, மூன்று நிலைகளில் சுழலும்:

```
f = Math.floor(timeToFrames(time) / 3);
(f % 3) * 90
```

3 என்று வகுக்கும் எண் வேகம், அடுத்த வரியின் 3 என்பது நிலைகளின் எண்ணிக்கை. பிளெண்டரின் கிரீஸ் பென்சிலில் Noise மாடிஃபையர் இதே வேலையைச் செய்கிறது. அங்கே Step மதிப்புத்தான் எத்தனை ஃபிரேமுக்கு ஒரு முறை மாற வேண்டும் என்பதைச் சொல்கிறது.

இந்த வழியில் வரும் கொதிப்பைப் பார்த்ததும் கையால் வந்ததல்ல என்று தெரிந்துவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. Turbulent Displace படத்தின் பரப்பையே இழுத்து நெளிக்கிறது. பக்கத்து பக்கத்தில் உள்ள கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன, மூக்கும் கன்னமும் சேர்ந்து வலப்பக்கம், பிறகு சேர்ந்து இடப்பக்கம். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் படம்போல இருக்கும். கையில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தவறுகிறது. மூக்குக் கோடு வலப்பக்கம் போன அதே டிராயிங்கில் கன்னக் கோடு இடப்பக்கம் போயிருக்கும். மேலும் கை, மூலைகளிலும் கோடுகள் சந்திக்கும் இடங்களிலும் நின்று நிதானித்து வைக்கும், நீண்ட வளைவின் நடுவில்தான் நழுவும். கணினி மூலையையும் வளைவையும் ஒரே அளவில் ஆட்டுகிறது.

ஓரளவு சரிசெய்யலாம். படத்தை முகக்கோடு, முடி, உடை என்று மூன்று நான்கு லேயராகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேறு Random Seed கொடுங்கள். Amount மதிப்பைக் குறைத்து, விலகல் கோட்டின் கால் பங்கை ஒட்டியே இருக்கும்படி பாருங்கள். கண்மணியின் லேயருக்கு எதையும் போடாதீர்கள். நேரம் இருந்தால் நான்கு முறை கையால் படியெடுப்பதே மேல் என்பது என் கருத்து. ஒரு முகத்துக்கு அது அரை நாள் வேலைகூட ஆகாது.

கடைசியாக, இணையத்தில் ஏற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசையாத படத்தைச் சுருக்குவது வீடியோ முறைக்கு எளிது, முந்தைய ஃபிரேமையே திரும்பக் காட்டினால் போதும். கொதிக்கும் படத்தில் நொடிக்கு 8 அல்லது 12 முறை எல்லா விளிம்புகளும் மாறுவதால் கிடைக்கும் டேட்டா அளவை அவற்றுக்குப் பங்கிட வேண்டியிருக்கிறது. முதலில் கெட்டுப்போவது பென்சில் கோட்டின் மென்மையான சொரசொரப்பு. ஓரம் தெளிவான மைக்கோடு ஓரளவு தாங்கும். பென்சில் கோட்டில் படம் செய்தால் ஏற்றும் கோப்பை முடிந்த அளவு உயர்ந்த பிட்ரேட்டில் கொடுங்கள், ஏற்றிய பிறகு கைப்பேசித் திரையில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஆறு அங்குலத் திரையில் 2 பிக்சல் கொதிப்பு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அதற்காக அதை 4 ஆக்கிவிட வேண்டாம், அதே படத்தை நாளை யாராவது சுவர் அளவுத் திரையில் போடக்கூடும்.